ஜெட் ஏர்வேஸ் வழக்குக்கே உதவாத விதி வேண்டாம்

மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தாருக்கு, வணக்கம்.

பல நாடுகளில் சொத்தும் கடனும் உள்ள நிறுவனம் நொடித்துப்போனால் என்ன செய்வது என்று விதி வகுக்கும் அதிகாரத்தை, 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த திவால் சட்டத் திருத்த மசோதா மத்திய அரசுக்குத் தர முன்வந்தது. அந்த விதிகளில் இடம்பெறக் கூடாத ஒரு நிபந்தனையைப் பற்றியே எழுதுகிறேன்.

ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் அதன் போயிங் 777 ஒன்றைக் கடன் பாக்கிக்காக ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். ஐரோப்பாவில் கடன் கொடுத்த இருவர் தொடுத்த வழக்கில், மே 21 அன்று நெதர்லாந்து நீதிமன்றம் நிறுவனத்தைத் திவாலானதாக அறிவித்து, சொத்துகளைக் கவனிக்க ஒரு நிர்வாகியை நியமித்தது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 20 அன்று, ஸ்டேட் வங்கியின் திவால் மனுவை மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்று, இங்கும் ஒரு நிர்வாகியை நியமித்தது. அதே உத்தரவில், நெதர்லாந்து நடவடிக்கை செல்லாது என்றும் சொன்னது. தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல முடியாது. நம் திவால் சட்டத்தின் 234, 235 பிரிவுகள் வேலை செய்ய வேண்டுமானால் அந்த நாட்டுடன் முதலில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். நெதர்லாந்துடன் அப்படி எதுவும் இல்லை.

விமானம் அங்கே, கணக்குப் புத்தகங்கள் இங்கே. இரண்டு நிர்வாகிகளும் ஒரே நிறுவனத்துக்குப் பொறுப்பு; ஒருவரை ஒருவர் ஏற்கச் சட்டத்தில் வழியில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருவரையும் பேசவைத்தது. அவர்கள் எழுதிக்கொண்ட உடன்பாட்டை செப்டம்பர் 26 அன்று ஏற்றது. நிறுவனத்தின் முதன்மை மையம் இந்தியா, எனவே பிரதான நடவடிக்கை இங்கே, துணை நடவடிக்கை அங்கே, தகவல்கள் பரிமாறப்படும் என்று முடிவானது. கடன்கொடுத்தோர் குழுக் கூட்டத்தில் நெதர்லாந்து நிர்வாகி வாக்கில்லாமல் உட்காரவும் அனுமதி கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இருவரின் நல்லெண்ணத்தால் கிடைத்தது. ஒருவர் முரண்டு பிடித்திருந்தால் வேறு வழி இருந்திருக்காது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். 2018-இல் திவால் சட்டக் குழு, பல நாடுகளைத் தொடும் திவால் வழக்குகளுக்கான ஐ.நா.வின் 1997 மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றலாம் என்றது. ஆனால் தொடக்கத்தில், அதே மாதிரிச் சட்டத்தை ஏற்ற நாடுகளின் நடவடிக்கைகளுக்கு மட்டும் அங்கீகாரம் என்ற பரஸ்பர நிபந்தனையையும் பரிந்துரைத்தது. நெதர்லாந்து அந்தச் சட்டத்தை ஏற்றதில்லை! நிபந்தனையோடு விதி வந்தால், நமக்குப் பாடம் கற்றுத்தந்த வழக்கே அதற்குள் வராது.

பரஸ்பரம் இல்லாவிட்டால் வெளிநாட்டு உத்தரவுகள் இங்கே தாராளமாக நுழைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. நம் பொதுக் கொள்கைக்கு அப்பட்டமாக எதிரானதை மறுக்க மாதிரிச் சட்டமே நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. அந்தக் காப்பை வைத்துக்கொண்டு நிபந்தனையை நீக்குங்கள். கூடவே, வெளிநாட்டு நடவடிக்கைக்கு அங்கீகாரம் கோரும் மனு நிலுவையில் இருக்கும்போதே, அவசரம் என்றால் சொத்து விற்பனைக்கு இடைக்காலத் தடை விதிக்கும் அதிகாரத்தையும் தீர்ப்பாயத்துக்கு வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள். மனு விசாரணைக்கு வரும் முன்பே சொத்து கைமாறிவிட்டால், பிறகு கிடைக்கும் அங்கீகாரத்தால் கடன் கொடுத்தவருக்கும் சம்பள பாக்கிக்குக் காத்திருக்கும் ஊழியருக்கும் பயனில்லை.

இப்படிக்கு,
திவால் வழக்குகளில் பணிபுரியும் ஒருவர்