இடுப்பின் பக்கவாட்டு வலி: இழுக்க இழுக்கக் கூடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில், ஓடுபவர்களுக்கு இடுப்பின் வெளிப்பக்கம் வரும் வலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எலும்புக்கு மேலே இருக்கும் நீர்ப்பை வீங்குவதுதான் காரணம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு நன்றாக நீட்டிப் பயிற்சி செய்யுங்கள் என்பது கட்டுரையின் சாரம். கூடவே மல்லாந்து படுத்து, முழங்காலை எதிர்த்தோளை நோக்கி இழுக்கும் படம் ஒன்று. கோவையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். அந்தப் படத்தில் இருப்பதைச் செய்து செய்தே வலியைக் கூட்டிக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

நீர்ப்பை வீக்கம் என்பது பழைய விளக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குப் பழுது இருப்பது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில்தான். இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் கையை வைத்தால் தொடை எலும்பின் மேடு ஒன்று தட்டுப்படும். பிட்டத்தின் பக்கத் தசைகளான குளூட்டியஸ் மீடியஸும் மினிமஸும் அந்த மேட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சரியாமல் பிடித்திருப்பது இவற்றின் வேலை. ஓட்டம் என்பதே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவுவதுதான். ஆகவே ஒவ்வோர் அடியிலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

இந்தத் தசைநாண்களுக்கு மேலாக, தொடையின் வெளிப்புறம் முழுக்க ஓர் அகலமான பட்டை ஓடுகிறது. ஓட்டக்காரர்கள் ஐ.டி. பேண்ட் என்பார்கள். கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் போகும்போது இந்தப் பட்டை விறைத்து, அடியில் இருக்கும் தசைநாணை எலும்போடு வைத்து அழுத்துகிறது. கனமான பையின் வார் தோளில் பதிகிறதே, அதுபோல. முழங்காலை எதிர்த்தோளுக்கு இழுப்பதும் இதே அழுத்தத்தைத்தான் தருகிறது. இழுத்தவுடன் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். இரவில் வலி திரும்ப வரும். ‘சரியாக இழுக்கவில்லை போல’ என்று மறுநாள் இன்னும் இழுப்பார்கள்.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியையின் கதையைச் சொல்கிறேன். வயது 46. வாரம் 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர், கோடை விடுமுறையில் மூன்றே வாரத்தில் 38-க்குப் போனார். போதாததற்கு மேம்பாலம் ஏறி இறங்கும் ஓட்டம் வேறு. இடது இடுப்பில் முதலில் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலித்தது. பிறகு அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை. ஓட்டத்தை ஒரு மாதம் நிறுத்தினார், வலி அடங்கியது. திரும்ப ஓடிய முதல் வாரமே பழைய இடத்தில் வந்து நின்றது. அந்த ஒரு மாதத்தில் தசைநாண் குணமாகவில்லை. வேலையில்லாமல் கிடந்ததில் அதன் தாங்கும் திறன் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

எலும்பு மேட்டை விரலால் அழுத்தினேன், அதுதான் இடம் என்றார். இடது காலில் மட்டும் நிற்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். 30 விநாடிக்குள் அதே வலி வந்தால் இந்தத் தசைநாண் மேல் சந்தேகம் பலப்படும். அவருக்குப் பன்னிரண்டாவது விநாடியிலேயே வந்தது. குனிந்து ஷூ மாட்டுவதில் சிரமமில்லை என்பதால் மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இங்கே ஓர் எச்சரிக்கை: வலி தொடை இடுக்கில் இருந்து, ஒற்றைக் காலில் குதிக்கும்போது சுருக்கென்று குத்தினால், ஓட்டத்தை உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம்.

முதலில் இழுக்கும் பயிற்சியை நிறுத்தினோம். பஸ்ஸில் ஒரு பக்க இடுப்பைத் தள்ளிக்கொண்டு நிற்பது, கால் மேல் கால் போடுவது, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல் செய்வது, எல்லாவற்றிலும் அதே அழுத்தம்தான். வலியில்லாத பக்கம் திரும்பிப் படுத்தாலும் வலிக்கிற மேல்கால் உள்பக்கம் சரிந்து விழும். அதனால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி நடுவில் தலையணை வைக்கச் சொன்னேன். இரண்டாவது வாரமே இரவில் தூக்கம் வந்தது.

ஓட்டத்தை முழுக்க நிறுத்தவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள், சமதரையில் 3 கிலோமீட்டர். கூடவே, மல்லாந்து படுத்துத் தொடைகளைச் சுற்றி பெல்ட் கட்டி, முழங்கால்களை மெதுவாக வெளியே தள்ளியபடி 30 விநாடி பிடிப்பது, நான்கைந்து முறை. கால் நகராது, தசை மட்டும் வேலை செய்யும். இது நன்றாகத் தாங்கிய பிறகு இடுப்பைத் தூக்கும் பயிற்சி, முதலில் இரு காலால், அப்புறம் ஒரு காலால். ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் படிக்கட்டில் ஒரு கால் வைத்து ஏறி இறங்குவது. மூன்று விநாடி ஏற, மூன்று விநாடி இறங்க, எட்டு முறை. கண்ணாடி முன் நின்று, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று பார்த்தபடி. பிறகு கையில் எடை. மெதுவான, கனமான சுமைதான் தசைநாணின் இழைகளுக்குத் தங்களை வலுப்படுத்திக்கொள்ளச் சொல்லும் செய்தி. தசைக்குப் பலம் ஏறினால் இடுப்பு சரிவதும் குறையும், அழுத்தமும் குறையும்.

வலியே வரக்கூடாது என்று நான் சொல்வதில்லை. பத்துக்கு மூன்று வரை பொறுக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். ஆறாவது வாரத்தில் அவர் எடையோடு படியேறிய மறுநாளே வேக ஓட்டம் ஓடிவிட்டு, இரண்டு இரவு தூங்காமல் வந்தார். பயிற்சியைக் கைவிடவில்லை. எடையை ஒரு படி குறைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டோம். ஓடும்போது அவருடைய பாதங்கள் ஒரே கோட்டில் விழுந்தன. கொஞ்சம் அகலமாக வைக்கவும், நிமிடத்துக்கு 158 ஆக இருந்த அடிகளை 168 ஆக்கவும் சொன்னேன். நான்காவது மாதம் வாரம் 25 கிலோமீட்டரில் இருந்தார். மேம்பாலத்தை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.

ஊசி போட்டால் என்ன என்று கேட்பார்கள். 2018-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, இந்த வலி இருந்த 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்தது. எட்டாவது வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள், விளக்கமும் பயிற்சியும் பெற்றவர்களில் 77 விழுக்காடு. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. பொறுத்துப் பார்த்தவர்களில் 29. ஓராண்டு முடிவில் பயிற்சிக் குழு 79, ஊசிக் குழு 58, பொறுத்திருந்தவர்கள் 52. அவர்கள் எல்லாரும் ஓட்டக்காரர்கள் அல்லர். பயிற்சி செய்தும் தேறாதவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இடம் இருந்தால், அந்த இழுக்கும் படத்துக்குத் திருத்தமாக, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்திருக்கும் படம் ஒன்றைப் போடுங்கள். படித்துவிட்டுச் செய்தித்தாளோடு சேர்த்து எடைக்குப் போடுபவர்களுக்குக்கூடப் படம் நினைவில் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை