முறுக்கு விலையும் ரிசர்வ் பேங்க் வட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வட்டியப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். விலைவாசி ஏறினா வட்டிய ஏத்தணும், தொழில் படுத்தா வட்டிய இறக்கணும்னு எழுதியிருந்தாங்க. சரிதான், ஆனா ரெண்டும் ஒண்ணா வந்தா என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்லையே சார். அதுக்குத்தானே ஸ்டாக்ஃபிளேஷன்னு தனியா பேரே வச்சிருக்காங்க, தமிழ்ல தேக்கவீக்கம்னு சொல்றாங்க.

நான் டர்பன் சாட்ஸ்வொர்த்ல சின்னதா பலகாரக் கடை வச்சிருக்கேன், பொருளாதாரம் படிச்சவன் இல்ல, ஆனா 2023ல இது என் கடை கணக்கு நோட்டுலயே நடந்துச்சு. நாளைக்கு 100 கிலோ முறுக்கு, சேவு போடுவோம். ஆள் சம்பளம், வாடகை எல்லாம் சேத்து நாளைக்கு 3,000 ராண்ட்னு வச்சுக்கங்க, கிலோவுக்கு 30 ராண்ட் விழும். முறை வச்சு கரண்ட நிறுத்துற லோட்ஷெடிங் ஸ்டேஜ் 6 வரைக்கும் வந்ததும் மிஷின் பாதி நேரம் சும்மா நிக்குது, 60 கிலோதான் ஆகுது, ஆனா கரண்ட் போச்சுன்னு ஆளுக்கு சம்பளம் குறைக்க முடியுமா? அதே 3,000, இப்ப கிலோவுக்கு 50. எங்க சின்ன ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும்தான் தாங்கும், அதுக்கு டீசல் 600 ராண்ட், கிலோவுக்கு இன்னொரு 10. மாவு எண்ணெய் விலை தனி. ஆக சரக்கு குறைஞ்சுது, விலை ஏறுச்சு, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணே. இத மாதிரி நாடு பூரா கடையும் ஃபேக்டரியும் நினைச்சுப் பாருங்க. அந்த வருஷம் விலைவாசி சராசரியா 6% ஏறுச்சு, மார்ச்ல சாப்பாட்டு சாமான் மட்டும் 14%, வளர்ச்சி 1%ஐக்கூட எட்டல. 1970கள்ல அமெரிக்கா பட்ட பாட்டோட பாத்தா இது சின்னதுதான், ஆனா ஜாதி அதே.

விலை ஏறுறதுல ரெண்டு வகை இருக்கு, கண்டுபிடிக்கிறதும் லேசுதான். தீபாவளிக்கு ஆள் வரிசைல நிக்கறப்ப நான் விலைய ஏத்தினா வியாபாரமும் கூடும், விலையும் கூடும், அதுக்கு வட்டிய ஏத்தினா ஜனங்க கைய இறுக்குவாங்க, விலை அடங்கும். ஆனா விலை கூடி சரக்கு குறையுதுன்னா கோளாறு வாங்குற பக்கம் இல்ல, செய்யுற பக்கம். வட்டிய எவ்வளவு ஏத்தினாலும் ஒரு யூனிட் கரண்ட் கூட வராது.

நம்ம தென்னாப்பிரிக்க ரிசர்வ் பேங்க் 2021 நவம்பர்ல இருந்து 2023 மே வரைக்கும், பேங்குகளுக்குக் கடன் குடுக்கற ரெப்போ வட்டிய 3.5%லேருந்து 8.25%க்கு கொண்டு போச்சு. பேங்குகள் நமக்குக் கடன் குடுக்க அடிப்படையா வச்சுக்கற பிரைம் வட்டி 7%லேருந்து 11.75% ஆச்சு. இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் போட 2 லட்சம் ராண்ட் கடன் கேக்கலாம்னு இருந்தேன், பிரைம்லயே குடுத்தாக்கூட வருஷ வட்டி 14,000 இருந்தது 23,500 ஆயிடுச்சு, விட்டுட்டேன். விலைய இறக்கப் போட்ட மருந்து, விலை ஏறுற காரணத்த சரி பண்ண விடல பாருங்க, கொடுமைதான்.

அப்ப வட்டிய இறக்கியிருக்கலாமேன்னு என் மச்சான் கேப்பான். நானும் அப்படித்தான் திட்டிட்டு இருந்தேன், இப்ப திட்ட மாட்டேன். அந்த 2023லயே டாலருக்கு ராண்ட் 19ஐத் தாண்டிப் போச்சு, வட்டியும் குறைஞ்சா வெளிநாட்டுப் பணம் கிளம்பும், ராண்ட் இன்னும் விழும், டாலர் விலைல வர்ற டீசல் இன்னும் ஏறும், திரும்ப என் கிலோ கணக்குலதான் வந்து விழும். அதவிட பெரிசு, அடுத்த வருஷமும் விலை ஏறும்னு ஜனங்க மனசுல பதிஞ்சுட்டா சம்பளமும் வாடகையும் முன்கூட்டியே ஏறும், அப்புறம் கரண்ட் வந்தாலும் விலை நிக்காது. அமெரிக்காவுல 70கள்ல இதுதான் ஆச்சு, வேலை போகுதுன்னு வட்டிய இறக்கினாங்க, விலை திரும்பத் திரும்ப எகிறுச்சு, கடைசில அவங்க மத்திய வங்கித் தலைவரா வோல்க்கர் வந்து வட்டிய 20% கிட்ட கொண்டு போய்த்தான் அடக்கினார், 1982ல வேலையில்லாதவங்க 10%ஐத் தாண்டினாங்க. இங்க ஏற்கனவே 30%க்கு மேல, யாரு தாங்குறது?

சர்க்கார் பண்ணலாமேன்னா, 2022 ஏப்ரல்ல பெட்ரோல், டீசல் வரிய லிட்டருக்கு 1.50 ராண்ட் குறைச்சாங்க, சில மாசத்துக்குத்தான் முடிஞ்சுது, கஜானாவும் தாங்கணுமில்ல.

2024 மார்ச் கடைசில லோட்ஷெடிங் நின்னுச்சு, அக்டோபர்ல விலையேற்றம் 3%க்கும் கீழ வந்துச்சு. ஆனா அந்த வருஷமும் வளர்ச்சி 1%ஐத் தொடல. கரண்ட் ஒரு அடைப்புதான், ஹார்பரும் ரயிலும் அப்படியே கிடந்துச்சு. 2023 கடைசில நம்ம டர்பன் ஹார்பருக்கு வெளிய கப்பலுங்க வரிசை கட்டி நின்னத பீச்லேருந்தே பாத்தோம். அடுத்த கட்டுரைல வட்டிய விட்டுட்டு அந்த ஹார்பரப் பத்தி எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பலகாரக் கடைக்காரன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்