கத்தாரில் நிறுவனம் பிடித்து வைத்திருக்கும் பாஸ்போர்ட்டை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
தமிழ்த் தொழிலாளர்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்,
தோஹா.

பெறுநர்
தொழிலாளர் நலப் பிரிவு அதிகாரி அவர்கள்,
இந்தியத் தூதரகம், தோஹா.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: எலக்ட்ரீஷியன் ஒருவரின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர நிறுவனம் மறுப்பது தொடர்பாக.

ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தொழிலாளி (பெயர், விவரம் இணைப்பில்) மூன்று ஆண்டுகளாக இங்குள்ள ஒரு காண்ட்ராக்ட் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். வேறு வேலைக்கு மாறுவதற்காக முறைப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டைக் கேட்டால், விசா செலவு 6,000 ரியாலைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிறார்கள்.

கத்தாரின் 2015ஆம் ஆண்டு 21ஆம் எண் சட்டம், பிரிவு 8, குடியிருப்பு அனுமதி வேலைகள் முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. மீறினால் 25,000 ரியால் வரை அபராதம். நிறுவனம் காட்டும் சமாதானம் ஒரு கையெழுத்துதான். வந்த முதல் வாரம், கத்தார் ஐடிக்கான படிவங்களோடு சேர்த்து ஓர் அரபுத் தாளிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். 'பாஸ்போர்ட்டை நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும்' என்பது அதிலுள்ள வாசகம். எழுதிக் கேட்டால் நிறுவனம் வைத்திருக்கலாம் என்று சட்டமும் சொல்கிறதுதான். ஆனால் தொழிலாளி திரும்பக் கேட்டதும் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அவர் கேட்ட வாட்ஸ்அப் செய்தியையும் மேலாளரின் மறுப்பையும் தேதியோடு இணைத்துள்ளோம்.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று நமது 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், பிரிவு 17 சொல்கிறது. பாஸ்போர்ட்டிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஆகவே அதைப் பணத்துக்கு ஈடாகப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமை கிடையாது.

'தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதிதாக எடு' என்று கேம்ப்பில் சிலர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அது பொய்த் தகவல். நமது சட்டப்படி குற்றம் அவர் தலையில் விழும். எமர்ஜென்சி சர்டிபிகேட்டும் அவருக்கு உதவாது. அது ஊர் திரும்ப மட்டுமே பயன்படும். அவரோ இங்கேயே வேலையைத் தொடர வேண்டியவர். வேலைக்குப் போகாமல் நின்றால் 'ஓடிப்போனவர்' என்று புகார் போட்டுவிடுவார்கள் என்பதால், நோட்டீஸ் காலம் முழுவதும் தவறாமல் வேலைக்குப் போகும்படி சொல்லியிருக்கிறோம்.

எனவே நிறுவனத்துக்குத் தூதரகத்தின் பெயரில் கடிதம் அனுப்பி, ஒரு தேதி குறித்து, பாஸ்போர்ட்டைத் தங்கள் அலுவலகத்திலேயே ஒப்படைக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். நிறுவன அலுவலகத்தில் வைத்துக் கொடுத்தால், 'எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளையும் கூடவே நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்போர்ட் கைக்கு வரும். இவருக்கோ இரண்டு மாத ஓவர்டைம் பாக்கி நிற்கிறது. அதற்குத் தொழிலாளர் அமைச்சகத்தில் தனியாகப் புகார் கொடுக்க இருக்கிறார். குறித்த தேதிக்குள் நிறுவனம் வராவிட்டால், உள்துறை அமைச்சகத்தில் புகார் பதிய அரபு தெரிந்த அலுவலர் ஒருவரை அவருடன் அனுப்பி உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள்

இணைப்பு: பாஸ்போர்ட், கத்தார் ஐடி நகல்கள்; நோட்டீஸ் நகல்; வாட்ஸ்அப் உரையாடல்; அரபுத் தாளின் போட்டோ.