படகில் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டியதில்லை

பூலாம்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கதவணையில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, படகு தடையில்லாமல் ஓடுகிறது. போன மாதம் பராமரிப்புக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். துறையில் முழங்கால் அளவு சேறுதான் மிச்சம். எட்டு நாள் படகைக் கரையில் ஏற்றிவைத்துத் தார் பூசினேன். புனேவில் உனக்கு வெயில் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு நாளாக எழுதிக் கிழித்து, இப்போதுதான் ஒழுங்காக வருகிறது.

காலை ஆறு மணி நடையில் ஏறுகிறவர்களை நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பது உனக்குத் தெரியும். "வணக்கம் வாத்தியாரே", "என்ன மாப்பிள்ளை, மஞ்சள் விலை ஏறியதா?", "பாட்டி, பேரன் நடக்கிறானா?" சின்ன வயதில் உனக்கு அது வெட்கமாக இருக்கும். அப்பா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். அது மரியாதைக்காக மட்டும் செய்வதில்லை. உன் தாத்தா பரிசல் ஓட்டிய காலத்திலேயே வந்த பழக்கம். மூங்கில் பத்தையில் பின்னிய வட்டப் பரிசலில் ஒரே ஒருவன் பயந்து எழுந்து நின்றால் போதும், எல்லோரும் தண்ணீரில்தான். அதனால் ஏறுகிறவனை முதலில் பேசவைத்துப் பார் என்பார் தாத்தா. குடித்தவனை நாக்கு காட்டிக்கொடுக்கும், பயந்தவனைக் குரல் காட்டிக்கொடுக்கும். பயந்தவனை நடுவில் உட்காரவைப்பார், குடித்தவனைக் கரையில் விட்டுவிட்டுப் போவார். விசைப்படகு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே தலையை எண்ணிவிடுவேன். பைக்குகள் எந்தப் பக்கம், ஆட்கள் எந்தப் பக்கம் என்று பாரத்தையும் பிரித்துவிடுவேன். பதில் குரல் வராத ஆள் என் கணக்கில் இடிக்கும்.

தை மாதக் கடைசியில் அப்படி இடித்தவள் ஒரு பெண். இருபது வயது இருக்கும். நீலநிறச் சாப்பாட்டுப் பை, கையில் சரியாக எண்ணிவைத்த சில்லறை. அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டைக்கு அப்பால் ஒரு தறிப்பட்டறையில் வேலை. "வாம்மா, புதுசா? எந்த ஊர்?" என்றேன். பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் படகு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "என்னம்மா, வாயில் கொழுக்கட்டையா?" என்று உரக்கக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. பிறகு வந்தாள். ஆனால் நான் கயிற்றை அவிழ்க்கக் குனியும்போது பைக்குகளுக்குப் பின்னால் நுழைந்து ஏறிவிடுவாள். சில்லறையைப் பலகையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பனுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஒரு நாள் நடு ஆற்றில் ஆகாயத்தாமரை மாட்டிக்கொண்டது. இப்போது அது முன்பைவிட அதிகம். விசிறியில் ஒரு கொடி சுற்றினால் மோட்டாரின் சத்தம் முதலில் கனத்துவிடும், பிறகு பின்பக்கம் புகை கறுக்கும். அப்போதே நிறுத்தாமல் முடுக்கினால் கொடி இறுகி, வேலை இரட்டிப்பாகிவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் குப்புறப் படுத்து அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நடையில் ஆள் குறைவு. சந்தைக்குப் போகும் ஒரு ஆட்டுக்குட்டியைப் பின்பலகையில் கட்டியிருந்தார்கள். என் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "பயப்படாதே, இதோ கரை வந்துவிடும். பசிக்கிறதா? என்னிடம் இட்லிதான் இருக்கிறது, நீ தின்ன மாட்டாய்." தடங்கல் இல்லாமல், ஆற்றுத் தண்ணீர் போல வந்தது. எட்டிப் பார்த்தால் அவள்தான். நான் அங்கே கிடப்பது அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது கண்ணு. ஆட்டுக்குட்டிக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்று. மறுநாள் அவள் ஏறும்போது வழியில் நின்றுகொண்டு, "வணக்கம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்துநின்றேன்.

அப்போது பார்த்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடியது. வலது காலின் கட்டைவிரல் பலகையை அழுத்தித் தேய்த்தது. ஒரு எழுத்தும் வெளியே வரவில்லை.

அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும். மளிகைக் கடை வாசலில் நீ நின்ற கால் அது. நான் சட்டென்று வழிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அக்கரை போய்ச் சேரும்வரை யாரையும் விசாரிக்கவில்லை.

நம் வாத்தியார் தினமும் என்னோடு வருகிறவர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி எடுத்தவர். அவரிடம் தனியாகக் கேட்டேன். திக்குவது பயத்தால் வருவதல்ல, வளர்ப்பால் வருவதல்ல என்றார். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்துக்கும் இடையில் தொடங்குமாம், குடும்பவழியாகவும் வருமாம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், அதனால் பெண் பிள்ளை பேசாமல் இருந்தால் அடக்கம் என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொள்வார்கள், திக்கல் என்று யாருக்கும் தோன்றாது என்றார். ஆட்டிடம் பேசினாளே என்றேன். தனியாக இருக்கும்போதும், மிருகங்களிடமும், பாடும்போதும், நாலு பேரோடு சேர்ந்து சொல்லும்போதும் பலருக்குத் திக்காது என்றார். திக்குவதெல்லாம் எதிரே ஒருவன் பதிலுக்காகக் காத்து நிற்கும்போது. அதிலும் சொந்தப் பெயர், ஊர்ப்பெயர், போன். இவற்றுக்கு மாற்றுச் சொல் கிடையாதல்லவா?

மற்றது பிறகுதான் விளங்கியது. அக்கரைக்குப் பஸ்ஸில் சுற்றியும் போகலாம். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் முன்னால் ஊர்ப்பெயரைச் சொல்லியாக வேண்டும், பின்னால் பத்து பேர் டிக்கெட்டுக்கு நெருக்குவார்கள். படகுக்கு ஒரே கரைதான். சில்லறையை நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அவள் என் படகைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அங்கேயும் ஒருவன் தினமும் வழிமறித்து ஊர் கேட்டிருக்கிறான்.

தறிப்பட்டறையையும் அப்படித்தான் பிடித்திருக்கிறாள். அவளோடு வேலை செய்கிற ஒரு அம்மாள் சொன்னாள், தறி ஓடும்போது நன்றாகத்தான் பேசுவாளாம், சாப்பாட்டு நேரத்தில் தறி நின்றால் இவளும் நின்றுவிடுவாளாம். தன் குரல் தன் காதில் விழாத சத்தத்தில் சிலருக்கு நாக்கு விடுபடும் என்று வாத்தியாரும் சொன்னார்.

இதைக் கேட்டதும் எனக்கு உன் கொள்ளு ஞாபகம் வந்தது.

பச்சைப்பயறு வாங்கிவரச் சொன்னேன், நீ கொள்ளு வாங்கிவந்தாய். இரண்டு முறை. ஞாபகம் இல்லாத பிள்ளை என்று விளாரால் அடித்தேன். உனக்கு ஞாபகம் இருந்தது. 'ப' வரவில்லை, 'கொ' வந்தது, அவ்வளவுதான். விடுதியில் சேர்ந்த முதல் நாள் உன் பெயரைக் குமார் என்று சொன்னாயாம். உன் நண்பன் சொல்லி எனக்குத் தெரிந்தது. தாத்தா பெயரை மறைக்கிறாயே என்று ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்தப் பெயரும் 'ப'தானே. நாக்கு திருந்தட்டும் என்று வசம்பை உரைத்துத் தடவினேன், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னேன். வசம்புக்கு நம் பக்கத்தில் பேர் சொல்லாதது என்று இன்னொரு பெயர் உண்டு, நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் முடியவில்லை. எல்லாவற்றையும்விட, நீ ஒரு சொல்லோடு போராடும்போது நான் முந்திக்கொண்டு அதை முடித்துவிடுவேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். வாயில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அது என்று வாத்தியார் சொன்னார்.

உன் பெரியப்பாவை ஊரில் ஊமையன் என்றார்களே. அவரும் ஊமை இல்லை. எருதுகளிடம் மணிக்கணக்கில் பேசுவார்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். விசாரிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் என் கணக்கு தப்பும். வரிசையை மாற்றிவிட்டேன். மோட்டாரை முதலில் ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறேன். டீசல் கொஞ்சம் கூடத்தான் போகிறது. அவள் ஏறும்போது "வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றுப் பக்கம் திரும்பிவிடுவேன். கேள்வி கேட்பதில்லை. கேட்ட மாதிரி நிற்பதும் இல்லை. அவள் பயந்திருக்கிறாளா என்பதைக் காலை வைத்து ஏறுகிற விதத்தில் பார்த்துக்கொள்கிறேன். தாத்தா இதைச் சொல்லித்தரவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை, நடு ஆற்றில், என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆ" என்று தொடங்கினாள், அங்கேயே நின்றுவிட்டது. கட்டைவிரல் தேய்ந்தது. மாப்பிள்ளை இருக்கிறாரே, "ஆறா? ஆழமா? ஆள் கூட்டமா?" என்று எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். சுக்கானைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு எங்கும் பார்க்கவில்லை. கரை வந்துவிடக் கூடாதே என்று வேகத்தையும் கொஞ்சம் குறைத்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது.

"ஆட்டுக்குட்டி எங்கே?" என்றாள்.

சந்தைக்குப் போய்விட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. யாரோ வளர்க்க வாங்கிப்போனார்கள் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் மறுபடியும் பேச்சில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கு அது இப்போது இடிக்கவில்லை.

ஞாயிறுதோறும் நான் போன் செய்யும்போது நீ இரண்டு சொல்லில் முடித்துவிடுவாய். நான் "பேசுடா, பேசுடா" என்பேன், பிறகு அம்மாவிடம் உன்னைக் குறை சொல்வேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு நடு ஆற்றிலிருந்து கூப்பிடுகிறேன், மோட்டார் ஓடட்டும். அந்தச் சத்தம் புனேவில் உன் காதை மூடுமா என்று தெரியவில்லை. நீ எடுத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். எழுதுவதுதான் சுலபம் என்றால் கடிதம் போடு, நான் வாத்தியாரிடம் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

அம்மா தட்டுவடையும் கொஞ்சம் பச்சைப்பயறும் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். கொள்ளும் வைக்கச் சொன்னேன்.

அன்புடன்,
அப்பா