தளம் போடுகிற நாளில் அவள் அங்கே இருக்கட்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, இங்கே ஒரு தளம் போடும் வேலையில் மாட்டிக்கொண்டேன். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

சரி, மகள் விஷயம். பெரிய கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப், இல்லையென்றால் தஞ்சாவூரில் மூன்று மாடி வீடு கட்டுகிற கான்ட்ராக்டரிடம் ஆறு வாரம், எது என்று கேட்டிருந்தாய். நாம் மூன்றாம் வருடத்தில் போனது ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட் மாட்டி ஃபோட்டோ எடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், பத்தாம் நாள் சான்றிதழ். சைட் வேலை எனக்கு ஒத்துவருமா என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதானே தெரிந்தது!

ஆறு வாரம்தான் சரி என்கிறேன், கணக்கு போட்டுப் பார். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்ட ஒரு வாரம். கான்கிரீட் போடும் அன்று 150 மி.மீ. கியூப்களை வார்த்து வைப்பார்கள், அவற்றில் சிலவற்றை ஏழாம் நாள் உடைப்பார்கள், மீதியை இருபத்தெட்டாம் நாள். எம்25 கான்கிரீட் என்றால் ஏழு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருக்கும், சதுர மி.மீ.க்கு முழு 25 நியூட்டன் வந்ததா என்பது இருபத்தெட்டில்தான் தெரியும். பதினைந்து நாளில் கிளம்புகிறவள் தான் பார்த்த வேலை தேறியதா என்று தெரியாமலே போய்விடுவாள்.

அப்புறம், கான்கிரீட் போடும் நாள். லாரி வந்து நிற்கும், கலவை கொஞ்சம் கெட்டியாக இருக்கும், மேஸ்திரி "இன்னும் ரெண்டு வாளி தண்ணி ஊத்துனா ஓடும்" என்பார். ஊற்றினால் வேலை சுலபம்தான், ஆனால் பலம் குறையும், அது கியூப் உடைக்கும்போதுதான் வெளியே வரும். அப்போது ஸ்லம்ப் கோனை எடுத்து அளந்து, முப்பது பேர் காத்துக்கொண்டிருக்க, வேண்டாம் என்று சொல்கிற இன்ஜினியர் பக்கத்தில் அவள் நிற்கட்டும். அந்த இடத்தில் தான் நிற்க ஆசைப்படுகிறாளா, ஓடத் தோன்றுகிறதா என்று அன்று ராத்திரியே நோட்டில் எழுதி வைக்கட்டும். மறுநாள் எழுதினால் நல்ல பிள்ளையாகத்தான் எழுதுவாள்.

பிடிக்கவில்லை என்று வந்தால், எது பிடிக்கவில்லை என்று மட்டும் கேள். வெயிலும் தூசியும் என்றால் டிசைன் ஆபீஸ் இருக்கிறது. ஆனால் வரைபடத்தை வைத்துக்கொண்டு கம்பி இடைவெளியையும் கவர் பிளாக்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே சலிப்பாக இருந்தது என்றால் கொஞ்சம் யோசிக்கணும், டிசைனிலும் அதே சரிபார்ப்புதான், ஏசி அறையில்.

சேர்வதற்கு முன் கான்ட்ராக்டரிடம் ஒன்றைக் கேட்கச் சொல்: அந்த ஆறு வாரத்துக்குள் தளம் போடுகிறீர்களா? இல்லை, பூச்சுவேலைதான் நடக்கும் என்றால் தேதியைத் தள்ளிப் போடட்டும்.

ஷூ நல்லதாக வாங்கிக் கொடு, ஆணி ஏறாத மாதிரி.

உன்
ரவி