நிறம் சொல்வதை எழுத்தும் சொல்லட்டும்: பயிற்சி ஸ்லைடுகள் தயாரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கடந்த இணையவழிப் பயிற்சியின் பத்தொன்பதாவது ஸ்லைடு குறித்து இதை எழுதுகிறோம். எந்த ஸ்லைடு என்பது உங்களுக்கே தெரியும். இடப்பக்கம் பள்ளிகளின் பெயர்கள், எதிரே மூன்று பத்திகள்: வாசிப்புப் பயிற்சி, மதிப்பீடு, பதிவேற்றம். கட்டங்களுக்குள் ஓர் எழுத்துகூட இல்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டும்தான். "சிவப்பில் இருக்கும் பள்ளிகள் வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படுகிறது. அவர்களில் பலருக்கு அந்த இரு கட்டங்களும் ஏறக்குறைய ஒரே பழுப்பு. பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர்களுக்கோ அந்த அட்டவணையே இல்லை. எக்செல்லில் செய்ததைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டியிருந்தீர்கள். திரைவாசிப்பான் "Picture 4" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. தங்கள் பள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்க ஆளில்லாமல் வீட்டிலிருந்து கலந்துகொண்டவர்களிடம், விளக்கம் தராததற்கு இப்போது விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. இது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நிறம் சொல்வதை எழுத்தும் சொல்ல வேண்டும். அது சரிபார்க்கப்படாமல் எந்த ஸ்லைடும் வெளியே போகக் கூடாது.

அந்த ஸ்லைடில் என்ன தவறு என்பதை அளந்தே காட்டலாம். இரு நிறங்களின் ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்வது வழக்கம். ஒரே நிறம் என்றால் 1:1, வெள்ளைக்கு எதிரே கறுப்பு என்றால் 21:1. பவர்பாயின்ட்டின் Standard Colors வரிசையில் உள்ள சிவப்பையும் (FF0000) பச்சையையும் (00B050) ஒப்பிட்டால் வருவது ஏறத்தாழ 1.4:1. அதாவது நிற வேறுபாடு தெரியாதவருக்குக் கைகொடுக்க வேண்டிய வெளிச்ச வேறுபாடும் அங்கே இல்லை. அதே வரிசையில் வேறு சிவப்பு, வேறு பச்சை தேடுவது இதற்குத் தீர்வாகாது. கட்டத்துக்குள் ஒரு சொல் இருந்தால் போதும்.

உங்கள் ஸ்லைடுகளின் தலைப்புப் பட்டையும் அதே பச்சைதான். அதன்மேல் வெள்ளை எழுத்து. அங்கே விகிதம் 2.9:1. வலைத்தள அணுகல் நெறிமுறையான WCAG சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கிறது. 18 புள்ளிக்குக் குறையாத எழுத்துக்கும், 14 புள்ளிக்குக் குறையாத தடித்த எழுத்துக்கும் 3:1 போதும் என்கிறது. உங்கள் தலைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் குறைந்த அளவைக்கூடத் தொடவில்லை. அதே வெள்ளை எழுத்தை அடர்சிவப்பின்மேல் (C00000) வைத்தால் ஏறத்தாழ 6.5:1, நீலத்தின்மேல் (0070C0) ஏறத்தாழ 5:1 கிடைக்கும். அடிக்குறிப்புகளில் நீங்கள் விரும்பிப் போடும் வெளிர்சாம்பல் எழுத்து (999999) வெள்ளைத் தளத்தில் 2.8:1-ஐத்தான் எட்டுகிறது, அதை 595959 ஆக்கினால் 7:1 வந்துவிடும்.

இந்த எண்கள் கணினித் திரைக்கானவை. புரொஜெக்டரில் நிலைமை இன்னும் மோசமாகும். ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் சுவரில் விழும்போது, வெளிச்சமான பகுதியோடும் இருண்ட பகுதியோடும் ஒரே அளவு ஒளி கூடுகிறது. அதனால் விகிதம் சுருங்குகிறது. இருண்ட பகுதிதான் அதிகம் வெளுத்துப் போகிறது. கூட்ட அறையில் காட்டப் போகும் ஸ்லைடுக்கு 4.5-ஐ இலக்காக வைக்காமல் 7-ஐ வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான். பின்வரிசையில் வாசிக்க முடியவில்லை என்று எழும் குரல்களுக்கு எழுத்தின் அளவு மட்டுமல்ல, இதுவும் காரணம்.

இனி அந்தப் பத்தொன்பதாவது ஸ்லைடைத் திருத்தும் வழி. திரைப்பிடிப்பை நீக்கிவிட்டு Insert → Table வழியாக உண்மையான அட்டவணையாகப் போடுங்கள். Table Design-இல் Header Row, First Column இரண்டும் தேர்வாகியிருக்க வேண்டும். எந்தக் கட்டம் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதைத் திரைவாசிப்பான் அப்போதுதான் சேர்த்துச் சொல்ல முடியும். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், அங்கே வாசிப்பு வரிசை குழம்பும். ஒவ்வொரு கட்டத்திலும் "முடிந்தது", "பாதி", "நிலுவை" என்று எழுதுங்கள். நிறத்தை விட்டுவிட வேண்டியதில்லை, பார்ப்பவர்களுக்கு அது உதவத்தான் செய்கிறது. வெளிர்ப்பச்சை, வெளிர்மஞ்சள், வெளிர்சிவப்பு தளத்தில் கறுப்பு எழுத்து என்று வைத்தால் எதுவும் மறையாது. பயிற்சியாளரும் "சிவப்பில் இருப்பவர்கள்" என்பதை விட்டு, "நிலுவை என்று இருக்கும் பள்ளிகள்" என்று சொல்லி, அந்தப் பெயர்களை ஒருமுறை வாசிக்கட்டும்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். விண்டோஸில் Settings → Accessibility → Color filters சென்று, அதை இயக்கி, Grayscale தேர்ந்தெடுங்கள். திரை முழுதும் சாம்பலான பிறகும் எந்தப் பள்ளிக்கு என்ன நிலை என்று படிக்க முடிந்தால் ஸ்லைடு தேறியது. அடுத்து பவர்பாயின்ட்டில் Review → Check Accessibility. மாற்று உரை இல்லாத படம், தலைப்பில்லாத ஸ்லைடு போன்றவற்றை அது பட்டியலிடும். ஆனால் மாற்று உரை இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், அந்த உரை பொருந்துகிறதா என்று பார்க்காது. "படம்" என்று ஒரு சொல்லை எழுதி வைத்தாலும் எச்சரிக்கை போய்விடும். உங்கள் நான்காம் தொகுதியில் எட்டு வரைபடங்களுக்கும் மாற்று உரை "chart" என்றே இருக்கிறது.

மாற்று உரை என்பது அந்தப் படத்தை அங்கே ஏன் வைத்தீர்கள் என்பதற்கான பதில். ஒரு பட்டை வரைபடம் மூன்று பருவங்களின் வாசிப்புத் தேர்ச்சியைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். "நீல நிறப் பட்டைகள் கொண்ட வரைபடம்" என்று எழுதினால் கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. "வாசிப்புத் தேர்ச்சி முதல் பருவத்தில் 42 விழுக்காடு, இரண்டாம் பருவத்தில் 55, மூன்றாம் பருவத்தில் 61" என்று எழுதினால் பார்ப்பவருக்குக் கிடைப்பது கேட்பவருக்கும் கிடைக்கும். ஓரிரு வாக்கியம் போதும். எண்கள் அதிகமானால் மாற்று உரையில் முடிவை மட்டும் சொல்லி, எண்களைத் தனி அட்டவணையாகத் தாருங்கள். மூலையில் பூ, ஓரத்தில் கோடு போன்ற அலங்காரங்களுக்கு Mark as decorative போதும். திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிச் செல்லும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பழைய தொகுதிகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்த எழுத்துகள் கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். "தமிழ்" என்ற சொல் அங்கே `jkpo;` என்று சேமிக்கப்பட்டிருக்கிறது. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். மாற்று உரை, நிற வேறுபாடு எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஸ்லைடு ஒரு சொல்கூடப் பேசாது. தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010-இல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பாமினியில் பாடம் வருகிறது என்றால் அதற்கு என்ன காரணம் சொல்ல முடியும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் வேலை நடக்காது. எழுத்துருமாற்றி மென்பொருளில் உரையை இட்டு யுனிகோடாக்கி, ஒருமுறை படித்துப் பார்த்து ஒட்ட வேண்டும்.

வகுப்பறைக் காணொளிகளுக்கு வருவோம். பதினொரு நிமிடம் ஓடும் காணொளியில் ஒரு வசனவரி இல்லை. காது கேளாத ஆசிரியர்கள் வாயசைவை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தார்கள். கேமரா மாணவர் பக்கம் திரும்பியதும் அதுவும் போயிற்று. வசனவரிக் கோப்பு என்பது நோட்பேடில் எழுதக்கூடிய வெறும் உரைதான்:

```
WEBVTT

00:00:04.000 --> 00:00:07.500
[மணி ஒலிக்கிறது]
ஆசிரியர்: முதலில் படத்தைப் பாருங்கள்.

00:00:08.000 --> 00:00:10.500
மாணவி: இது ஆலமரம் இல்லை, அரசமரம்.
```

இதை UTF-8 குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதையும். பெயர் `.vtt` என்று முடிய வேண்டும். நோட்பேடு தானாகச் சேர்க்கும் `.txt` வாலைக் கவனித்து நீக்குங்கள். பிறகு ஸ்லைடில் காணொளியைத் தேர்ந்து Playback → Insert Captions வழியாகச் சேர்க்கலாம். பேசுபவர் யார் என்பதும், பாடத்துக்குத் தேவையான ஓசைகளும் வரியில் இடம்பெற வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்குமேல் வேண்டாம். கருவி தானாக எழுதித் தரும் வரிகளைத் திருத்தாமல் போட்டுவிடாதீர்கள். "இல்லை" என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால் மேலே அந்த மாணவி சொன்னது தலைகீழாகிவிடும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகு கடைசிக் கட்டத்தில் கெடுத்துவிடும் வாய்ப்பும் உண்டு. Print வழியாக PDF எடுத்தால் தலைப்பு, அட்டவணை, மாற்று உரை ஆகியவற்றின் அமைப்பு கோப்போடு வராது. Save As வழியாகப் போய், PDF-க்கான Options-இல் Document structure tags for accessibility தேர்வாகியிருப்பதைப் பார்த்துச் சேமியுங்கள். அதோடு மூலக் கோப்பையும் அனுப்புங்கள். ஸ்லைடுகளைப் படம் படமாக வாட்ஸாப் குழுவில் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

"ஓரிருவருக்காக இவ்வளவு வேலையா" என்ற பதில் முன்பே ஒருமுறை வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கம் அனைவரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. தலையெண்ணிக்கை எதையும் அது கேட்கவில்லை. மாணவருக்கு எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியிலேயே ஆசிரியர்களில் சிலர் வெளியே நிற்க வேண்டியிருப்பது எங்களால் ஏற்க முடியாத ஒன்று.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் பணிச்சுமை எங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே எல்லாத் தொகுதிகளையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லவில்லை. முதலில் பத்தொன்பதாவது ஸ்லைடைச் சொற்களோடு மறுபடி வெளியிட்டு, வெள்ளிக்கிழமை கெடுவால் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த கட்டப் பயிற்சிக்கு முன் வார்ப்புருவின் பச்சைப் பட்டையை மாற்றுங்கள், காணொளிகளுக்கு வசனவரி சேர்த்துவிடுங்கள். பாமினித் தொகுதிகளை யுனிகோடுக்கு மாற்றும் வேலையைப் பகிர்ந்துகொள்ள எங்களில் பலர் முன்வருகிறோம். அதுவரையிலும் அதற்குப் பிறகும், நிறம் சொல்வதை எழுத்தும் சொல்கிறதா என்று பாராமல் ஒரு ஸ்லைடும் வெளியே போக வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயிற்சியில் பங்கேற்கும் ஆசிரியர்கள்