படக்கதை கேட்ட பிள்ளை ‘எங்கே’ என்ற கேள்விக்கு வேறு பதில் சொன்னால்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பெண் குழந்தையின் அம்மா, சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பள்ளிக்கு வந்தார். “கதை சொல்லிவிட்டு ஒன்று கேட்டால் இவள் வேறு ஒன்றைச் சொல்கிறாள். ஞாபகசக்தி இல்லையோ என்று பயமாக இருக்கிறது” என்றார். உங்களில் வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறீர்கள். அதனால் அன்று அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கதைக்கு நான்கு படங்கள். முதல் படத்தில் ஆச்சி வாசலில் ஓலைப்பாய் விரித்து வத்தல் காயப்போடுகிறாள். இரண்டாவதில் ஒரு ஆடு வந்து வத்தலைத் தின்கிறது. மூன்றாவதில் முத்து கம்போடு ஓடி வந்து ஆட்டை விரட்டுகிறான். நான்காவதில் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முத்துவுக்குக் கருப்பட்டித் துண்டு கொடுக்கிறாள். படத்துக்கு ஒரு வாக்கியம் வீதம் சொல்லி முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். “ஆடு எங்கே நின்றது?” என்று கேட்டேன். “வத்தலைத் தின்றது” என்றாள்.

அவள் சொன்னது கதையில் உள்ளதுதான். கேட்டதற்குத்தான் அது பதில் இல்லை. உடனே தாளைத் திருப்பி, இரண்டாவது படத்தை அவள் முன்னால் வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். மறுபடியும் “வத்தலைத் தின்றது” என்றாள். படம் கண்ணெதிரே இருக்கும்போது மறதிக்கு இடமில்லை. ‘எங்கே’ என்ற சொல் இடத்தைக் கேட்கிறது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாம் பிள்ளைகளிடம் பெரும்பாலும் “என்ன செய்தான், என்ன செய்தது” என்றே கேட்கிறோம். எந்தக் கேள்வி வந்தாலும் செயலையே சொல்லும் பழக்கம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே வகுப்பில் ஒரு பையன் நேர் எதிர். தாளைக் கவிழ்த்தால் வாயைத் திறக்க மாட்டான். திருப்பி வைத்தால் “வாசல்ல” என்று பட்டென்று சொல்வான். அவனுக்குக் கேள்வி புரிகிறது, நான்கு படக் கதைதான் மனத்தில் நிற்கவில்லை. அவனுக்கு இரண்டு படம் போதும். ஒவ்வொரு படத்தையும் அவன் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்துவிட்டுக் கேட்டால் பதில் வந்துவிடுகிறது. ஆகவே தவறான பதில் வந்ததும் படத்தைத் திறந்து காட்டி அதே கேள்வியை ஒருமுறை கேளுங்கள். எந்தப் பக்கம் உதவ வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்விச்சொல் பிடிபடாத பிள்ளைக்கு நாங்கள் செய்வது இதுதான். படத்தைத் திறந்தே வைத்து, “ஆடு எங்கே நின்றது? வாசலிலா, திண்ணையிலா?” என்று இரண்டு இடங்களைச் சொல்லிக் கேட்கிறோம். சரியான பதிலை முதலில் வைக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். சரியான இடத்தைக் கடைசியில் சொன்னால், புரிந்து சொன்னதா, எதிரொலியா என்று நமக்குத் தெரியாது. “வாசலில்” என்றதும், “ஆமாம், வாசலில். எங்கே என்று கேட்டால் இடத்தைச் சொல்ல வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தெரிவு எதுவும் கொடுக்காமல் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். நடுவில் “ஆடு என்ன தின்றது?” என்று வேறொன்று கேட்டுவிட்டு மீண்டும் “எங்கே”க்கு வாருங்கள். அப்போதும் இடத்தைச் சொன்னால்தான் பிள்ளை கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்கிறது என்று பொருள். அடுத்த நாள் புதிய கதையில் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய கதையில் பதில் மனப்பாடமாகிவிட்டிருக்கும்.

கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அதற்குள் படத்தில் விரலை வைத்துக் காட்டிவிடாதீர்கள். பிள்ளை கேள்வியை விட்டுவிட்டு விரலைப் பார்க்கும். பிள்ளையே விரலை நீட்டி “அங்கன” என்று சொன்னால் அது தவறில்லை, இடத்தைத்தான் கேட்கிறோம் என்பது புரிந்திருக்கிறது. படத்தைக் கவிழ்த்துவிட்டு, “எனக்குத் தெரியவில்லையே, அங்கன என்றால் எங்கே?” என்று கேளுங்கள். இடத்தின் பெயர் அப்போது வரும். “வாசலில்” என்பதற்குப் பதில் “ஓலைப்பாயில்” என்றாலும் சரிதான். ஒரு சொல்லில் சொன்னால் போதும். ‘முழு வாக்கியமாகச் சொல்’ என்று இப்போதே வற்புறுத்தினால் பேசுகிற பிள்ளையும் நிறுத்திவிடும்.

‘யார்’ கேள்வியில் பெரியவர்களாகிய நாமே இரண்டு இடத்தில் தவறுகிறோம். “விரட்டினானே, அவன் யார்?” என்று கேட்டால் வினைச்சொல்லின் ‘ஆன்’ விகுதியே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. கதையில் ஆண்பிள்ளை ஒருவன்தான் என்றால் பிள்ளை யோசிக்கவே வேண்டியதில்லை. “ஆட்டை விரட்டியது யார்?” என்று கேளுங்கள். இதில் ஆச்சியும் இருக்கலாம், முத்துவும் இருக்கலாம். இன்னொன்று, “வத்தலைத் தின்றது யார்?” என்று கேட்டால் சில பிள்ளைகள் “ஆச்சி” என்கிறார்கள். யார் என்றால் ஆள் என்று அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆட்டுக்கு ‘எது’ என்று கேட்பதுதான் நம் மொழி வழக்கம். விலங்குகள் பேசும் கதைகளில் அவற்றையும் யார் என்போம். ஆனால் தொடக்கத்தில் ‘யார்’ என்பதை மனிதர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் யார், என்ன, எங்கே என்று ஒரே வரிசையில் கேட்காதீர்கள். இரண்டாம் நாளே பிள்ளைகள் வரிசையைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். ஒரு கதைக்கு மூன்று கேள்விகள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்கலாம், தாள் பிள்ளையின் கையில் இருந்தால் போதும். கதை இல்லாத நேரத்தில் வீட்டையே வைத்துக்கொள்ளுங்கள். “தாத்தா எங்கே?” “பட்டாசலில்.” “தண்ணீர்க் குடம் எங்கே?” “அடுப்பங்கரையில்.” “கோழி எங்கே?” “புறவாசலில்.” அந்தப் பெண் குழந்தைக்கு ‘எங்கே’ பிடிபட்டது இப்படித்தான். நான்காம் நாள் அவள் அம்மாவே வந்து சொன்னார். தாளைக் கவிழ்த்து “ஆச்சி கருப்பட்டியை எங்கே கொடுத்தாள்?” என்று கேட்டபோது “திண்ணையில்” என்றாளாம். “முத்துவுக்கு” என்றுதான் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்கு நாளில் வராது. சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. படத்தைத் திறந்து வைத்து இரண்டு தெரிவு கொடுத்தும் ஒரு மாதத்துக்குப் பிறகும் பதில் மாறவில்லை என்றாலோ, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, காதில் சீழ் வடிகிறது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறது என்றாலோ வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அலைச்சலை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு படத்தாள் கொடுத்தனுப்புகிறோம். திங்கட்கிழமை திருப்பி அனுப்பும்போது, தவறாக வந்த கேள்வியையும் பிள்ளை சொன்ன பதிலையும் தாளின் பின்பக்கத்தில் அப்படியே எழுதி அனுப்புங்கள். படம் திறந்திருந்ததா, கவிழ்ந்திருந்ததா என்பதையும் குறிப்பிடுங்கள். எழுத இயலாதவர்கள் காலையில் பிள்ளையை விட வரும்போது வாய்மொழியாகச் சொன்னால் போதும், நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்